நிலைத்தன்மை அறிக்கையிலிருந்து ஆண்டுவாரி அட்டவணை: ஒரு நூற்பாலைக் கணக்கு

கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலை, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஆலையும் அதன் எண்களும் கற்பனை, செய்முறை நிஜம்.

1. ஆண்டறிக்கையின் பிடிஎஃப்பைத் திறந்து `Principle 6` என்று தேடுங்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வகுத்த பிஆர்எஸ்ஆர் என்ற நிலைத்தன்மை அறிக்கைப் படிவத்தில் மின்சாரம், தண்ணீர், உமிழ்வு எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கும். முன்பக்கங்களில் வண்ணப் படத்தோடு பெரிதாகப் போட்டிருக்கும் எண்களை எடுக்காதீர்கள். அவை விளம்பரத்துக்கு.

2. ஒரு ஷீட்டில் ஒவ்வோர் எண்ணையும் தனி வரியாக, எந்த அறிக்கையில் எடுத்தது என்பதோடு எழுதுங்கள்.

```
ஆண்டு,அளவீடு,மதிப்பு,அலகு,அறிக்கை
2022-23,மின்சாரம்,50000,MWh,2022-23
2022-23,மின்சாரம்,180000,GJ,2023-24
2022-23,எடுத்த நீர்,60000,KL,2022-23
2022-23,எடுத்த நீர்,66000,KL,2023-24
```

2022-23 ஏன் இரண்டிரண்டு முறை வருகிறது? படிவத்தில் நடப்பு ஆண்டும் முந்தைய ஆண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதனால் இரண்டு அறிக்கை எடுத்தால் மூன்று ஆண்டு கிடைக்கும், நடு ஆண்டு இரண்டு தடவை வரும். அதை வீணென்று அழித்துவிடாதீர்கள். சரிபார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

3. மின்சார வரிகள் முரண்படுவதுபோல் தெரியும். ஒரு MWh என்றால் 3.6 GJ. `=C2*3.6` போட்டால் 1,80,000 வந்துவிடும், இரண்டும் ஒன்றுதான். தண்ணீரில் அலகு ஒன்றே, ஆனாலும் 6,000 கிலோலிட்டர் கூடியிருக்கிறது. இப்படி இருந்தால் அட்டவணையின் அடிக்குறிப்பைத் தேடிப் படியுங்கள். முதலில் போர்வெல் தண்ணீரை மட்டும் கணக்கிட்டுவிட்டு, லாரித் தண்ணீரை மறு ஆண்டு சேர்த்திருக்கலாம். அட்டவணைக்குப் புதிய எண், குறிப்பில் பழைய எண். இன்னொன்று: எடுத்த நீர் வேறு, நுகர்ந்த நீர் வேறு. வெளியே விட்டதைக் கழித்தால்தான் நுகர்வு. இரண்டையும் ஒரே வரிசையில் கலந்துவிட்டால் ஆலை திடீரென்று சிக்கனமாகிவிட்டதுபோல் தெரியும்.

4. அப்புறம் உமிழ்வு. ஸ்கோப் 1 ஆலைக்குள் எரிக்கும் டீசல் போன்றவை. ஸ்கோப் 2 வாங்கும் மின்சாரத்துக்கானது. இந்திய மின்கட்டத்தில் ஒரு MWh-க்குச் சுமார் 0.7 டன் கார்பன் டை ஆக்சைடு. 50,000 MWh முழுவதும் கட்டத்திலிருந்து வந்திருந்தால் ஸ்கோப் 2 ஏறத்தாழ 35,000 டன் இருக்க வேண்டும். அறிக்கையிலோ 21,000 டன்தான். அதாவது 30,000 MWh-க்கு மட்டுமே கணக்குப் போட்டிருக்கிறார்கள். மீதி 20,000?

நம் பக்கத்து ஆலைகள் பல, உமிழ்வுக் கணக்கில் சேராத காற்றாலை மின்சாரத்தை எடுப்பதால் இது சகஜம். 2023-24 அறிக்கையின் மின்சார அட்டவணையில் புதுப்பிக்கத்தக்க மூலங்கள் என்ற வரியில், 2022-23 பத்தியைப் பாருங்கள். 72,000 GJ இருந்தால் கணக்கு நேர். அங்கே ஒன்றுமில்லை என்றால் ஆலையின் ஏதோ ஒரு பிரிவு உமிழ்வுக் கணக்கில் விடுபட்டிருக்கலாம். உங்கள் ஷீட்டில் ஸ்கோப் 2 வரியில் கேள்விக்குறி போட்டு வையுங்கள், நீங்களாக எண்ணைத் திருத்தாதீர்கள்.