ஏற்காடு வளைவுகளில் டிசால்வ் போட்டுப் பட்ட பாடு

சித்தப்பா பையனோடு பைக்கில் ஏற்காடு போனதை நாலு நிமிட வீடியோவாக வெட்டினேன். சேலத்தில் இருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் இடையில், ஒரு ஷாட் கரைந்து அடுத்தது தெரியும்படி ஒரு கிராஸ் டிசால்வ் போட்டு வைத்திருந்தேன். பார்த்தவன், "அண்ணா, பைக்ல வந்தப்ப கூட இப்படித் தலை சுத்தல" என்றான்.

காரணம் இதுதான். ஒரு ஷாட் இடப்பக்கம் திரும்புகிறது, அடுத்தது வலப்பக்கம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கரையும்போது கண்ணுக்குப் பிடிமானமே இல்லை.

எல்லா டிசால்வையும் அழித்துவிட்டு இப்படிச் செய்தேன். முதல் ஷாட்டை வளைவு முடியும் வரை விடாமல், வண்டி சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதே வெட்டினேன். அடுத்த ஷாட்டையும் அதே பக்கம் திரும்பும் இடத்தில் தொடங்கினேன். அசைவு தொடர்வதால் வெட்டு கண்ணில் படவில்லை. ஆனால் காதில் பட்டது, இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. நான் எடிட் செய்யும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் `Alt` அழுத்திக்கொண்டு ஆடியோவின் வெட்டை மட்டும் பிடித்து 10 ஃபிரேம் இடப்பக்கம் இழுத்தேன். அடுத்த வளைவின் சத்தம் படத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. பைக் வீடியோவுக்கு எந்த டிரான்சிஷன் பேக்கும் இந்த அளவு உதவாது என்பது என் கட்சி.

டிசால்வ் ஒரே ஒரு இடத்தில் மிஞ்சியது. லேடீஸ் சீட்டில் பகலில் ஒரு ஷாட், அதே இடத்தில் இருட்டியபின் கீழே சேலம் விளக்குகள். இரண்டுமே ஸ்டாண்டில் வைத்து எடுத்தவை, நடுவில் ஓடியது நேரம் மட்டும். வெட்டைத் தேர்ந்தெடுத்து `Ctrl+T`, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கிளிப்பில் போதிய நீளம் இல்லை என்று சொல்லிவிட்டது.

அரை நாள் போனது இங்கேதான். டிசால்வ் ஓடும்போது இரண்டு ஷாட்டும் சேர்ந்து தெரிய வேண்டும். அதனால் வெட்டுக்கு அப்பாலும் முதல் ஷாட் கொஞ்சம் ஓட வேண்டும், வெட்டுக்கு முன்பே இரண்டாவது தொடங்கியிருக்க வேண்டும். 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு நொடி டிசால்வ் என்றால், பக்கத்துக்குச் சுமார் 13 ஃபிரேம் கையிருப்பு. நான் முதல் கிளிப்பைக் கடைசி ஃபிரேம் வரை டைம்லைனில் போட்டிருந்தேன், அப்புறம் கையிருப்பு எங்கே இருக்கும்? அதன் முடிவில் ஒரு நொடியும் அடுத்ததன் தொடக்கத்தில் ஒரு நொடியும் குறைத்தேன். உடனே ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் ரெக்கார்டை அழுத்தி மூன்று நொடி சும்மா நிற்கிறேன், முடித்த பிறகும் அப்படியே.

பின்சேர்க்கை: தன் வீடியோவில் டிசால்வ் நடுவில் ஏதோ மின்னுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய கையிருப்பில் இருந்தது போனைக் கீழே இறக்கும் காட்சி. அந்த நடுக்கம் தொடங்கும் ஃபிரேமைத் தேடி, அதற்கு 13 ஃபிரேம் முன்னாடியே வெட்டுங்கள். அவ்வளவு இடமில்லை என்றால் டிசால்வை 12 ஃபிரேமாகச் சுருக்கிப் பாருங்கள். அதற்கும் இடமில்லையா, வெறும் வெட்டே போதும்.