குறியீட்டில் சேரும் பங்கை முந்தி வாங்கும் உத்தி: கணக்கு எங்கே தவறுகிறது?

எஸ்அண்ட்பி 500 போன்ற ஒரு குறியீட்டில் புதிதாக ஒரு பங்கு சேர்க்கப்பட்டால், அந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதிகள் விலை எதுவானாலும் அதை வாங்கியே தீர வேண்டும். அறிவிப்புக்கும் சேர்க்கைக்கும் இடையே சில நாட்கள் இருப்பதால், அறிவிப்பு வந்ததும் வாங்கிச் சேர்க்கை நாளில் விற்றுவிடலாம் என்ற எளிய விதி பலருக்கும் தோன்றுகிறது. பழைய தரவில் இவ்விதியைச் சோதித்துப் பார்க்கும்போது பெரும்பாலானவர்கள் சறுக்குவது, எவராலும் பெற முடியாத விலையைத் தமக்குக் கிடைத்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்வதில்தான்.

டெஸ்லாவின் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பர் 16 அன்று சந்தை முடிந்த பிறகுதான் அறிவிப்பு வெளியானது. அன்றைய முடிவு விலை 408.09 டாலர். தினசரி விலைகளை மட்டும் வைத்துச் சோதிப்பவர், அறிவிப்புத் தேதியின் முடிவு விலையிலேயே வாங்கியதாக எழுதிவிடுகிறார். செய்தி வருவதற்கு முன்பே முடிந்துபோன விலை அது. மறுநாள் காலை பங்கு ஏறத்தாழ 460 டாலரில் தொடங்கி, மாலையில் 441.61 டாலரில் முடிந்தது. ஆகவே காகிதக் கணக்கில் முதல் நாளே 8 சதவீத லாபம் தெரிய, உண்மையில் காலையில் வாங்கியவருக்கு அன்று 4 சதவீத நட்டமே மிஞ்சியது. (2022-இல் பங்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டதால், இன்றைய வரைபடங்களில் இவ்விலைகள் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும்.)

வெளியேறும் நாளிலும் இதே போன்ற பிழை நேர்கிறது. சேர்க்கை டிசம்பர் 21, திங்கட்கிழமை, சந்தை தொடங்கும் முன் நடைமுறைக்கு வரும் என்றே அறிவிப்பு கூறியது. அதன் பொருள், நிதிகள் வெள்ளிக்கிழமை, டிசம்பர் 18 அன்று, அன்றைய இறுதி ஆர்டர்களை ஒன்றுசேர்த்து ஒரே விலையில் முடிக்கும் முடிவு நேர ஏலத்திலேயே வாங்கி முடித்துவிடும் என்பதாகும். அன்று பங்கு ஏறத்தாழ 6 சதவீதம் ஏறி 695 டாலரில் நின்றது, திங்கட்கிழமை 649.86 டாலருக்கு இறங்கியது. நடைமுறைத் தேதியையே விற்கும் தேதியாக எடுத்துக்கொண்டவரின் சோதனை, கட்டாயமாக வாங்குவோர் அனைவரும் போன பிறகு விற்கிறது. ஏலத்தில் விற்க வேண்டுமானால் அதற்குரிய ஆர்டரை முன்கூட்டியே தர வேண்டும். அப்போது இறுதி விலை எவருக்கும் தெரியாது.

திருத்திய கணக்கிலும் 460-இலிருந்து 695 வரை 51 சதவீத உயர்வு இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த ஆண்டு முழுவதும் டெஸ்லா வேறு காரணங்களாலும் ஏறிக்கொண்டிருந்தது. எனவே அதில் எவ்வளவு குறியீட்டால் வந்தது என்பதைப் பிரித்தறிய ஒற்றை நிகழ்வு போதாது. பல சேர்க்கைகளைச் சேர்த்துப் பார்த்த ராபின் கிரீன்வுட், மார்கோ சாமன் ஆகியோரின் ஆய்வு, சந்தையின் பொது நகர்வைக் கழித்த பின் கிடைத்த சராசரி உயர்வு 1990-களில் 7.4 சதவீதமாக இருந்தது என்றும், 2010-களில் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது என்றும் காட்டுகிறது. இதற்கு ஒரு காரணம், புதிதாகச் சேரும் பங்குகளில் பல, நடுத்தர நிறுவனங்களுக்கான குறியீட்டிலிருந்து மேலேறி வருபவை. ஒரு குறியீட்டின் நிதிகள் வாங்கும் அதே வேளையில் மற்றதன் நிதிகள் விற்கின்றன. இப்படி மேலேறி வருபவற்றையும் வெளியிலிருந்து நேரே சேர்பவற்றையும் பிரிக்காமல் சராசரி எடுப்பதும் ஒரு தவறே.

அறிவிப்பையே முன்கூட்டி ஊகித்து வாங்கலாம் என்பவர்கள் 2020 செப்டம்பரை நினைவிற்கொள்ள வேண்டும். தொடர்ந்து நான்கு காலாண்டுகள் லாபம் காட்டியிருந்த டெஸ்லா சேர்க்கப்படும் என்று பலரும் எதிர்பார்த்தனர். தேர்வுக் குழு செப்டம்பர் 4 அன்று வேறு பங்குகளை அறிவித்தது. அடுத்த வர்த்தக நாளில் டெஸ்லா 21 சதவீதம் வீழ்ந்தது. தொழில்நுட்பப் பங்குகள் பரவலாகவே அன்று சரிந்தன என்பதும் உண்மை. ஆனால் தகுதி பெறுவது வேறு, குழு தேர்ந்தெடுப்பது வேறு. பின்னர் சேர்க்கப்பட்டவற்றின் பட்டியலை மட்டும் வைத்துச் சோதித்தால், இப்படிக் காத்திருந்து ஏமாந்த நாட்கள் கணக்கிலேயே வராது.

இனி, எண்ணிக்கையின் போதாமை. ஆண்டுக்கு 20 சேர்க்கைகள் என வைத்தால் பத்தாண்டுகளில் 200 நிகழ்வுகள். சராசரி உயர்வு 0.8 சதவீதம், வாங்கி விற்கும் செலவு 0.4 சதவீதம் எனில் மிஞ்சுவது 0.4. ஒவ்வொரு நிகழ்வின் விலையும் தன்போக்கில் 5 சதவீதம் அளவுக்கு அலையுமானால், சராசரி தற்செயலாக எவ்வளவு விலகக்கூடும் என்பதைக் காட்டும் திட்டப்பிழை, 5-ஐ 200-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வரும் 0.35 சதவீதம். லாபமும் பிழையும் ஏறத்தாழ ஒரே அளவாகிவிடுகின்றன. மேலும், காலாண்டு மறுசீரமைப்பில் பல பங்குகள் ஒரே நாளில் சேர்வதால் அவை தனித்தனி நிகழ்வுகளும் அல்ல. உண்மைப் பிழை இதைவிடப் பெரிதாகவே இருக்கும்.