மூன்று பேர் எழுதினாலும் ஒரே கடையின் குரல்: பண்டிகைப் பதிவுகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பலகாரக் கடையின் பேஸ்புக் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பதிவுகளை எழுதுவது நான் மட்டுமல்ல. கணக்குப் பார்க்கும் அக்கா எழுதுவார், றீல் எடுக்கும் தம்பி எழுதுவான், பெட்டி கட்டும் பகுதியில் இருக்கும் தங்கச்சியும் கைவந்தால் எழுதுவாள். ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் மூன்று பேரும் ஆளுக்கொரு பதிவு போட்டார்கள். கனடாவில் இருந்து தாய்க்குப் பலகாரம் அனுப்பச் சொல்லும் வாடிக்கையாளர் ஒருவர் இன்பொக்ஸில் கேட்டார்: "உங்கட பக்கத்தை ஆரும் பிடிச்சிட்டாங்களோ?"

அந்த மூன்று பதிவுகளும் இவைதான்.

அக்கா: "அனைத்து இந்துப் பெருமக்களுக்கும் எமது நிறுவனத்தின் சார்பில் இதயம் கனிந்த தீபத்திருநாள் நல்வாழ்த்துக்களைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகின்றோம். பலகாரப் பொதிகளுக்கான கட்டளைகள் ஏற்றுக்கொள்ளப்படும்."

தம்பி: "மக்களே! தீபாவளி வந்தாச்சு! செம ஆஃபர் இருக்கு, மிஸ் பண்ணிடாதீங்க! பாக்ஸ் வெறும் 2500 ரூபாய் மட்டுமே!!!"

தங்கச்சி: "பயத்தம் பணியாரத்துக்குப் பயறு வறுக்கிறம். மணம் சந்தி வரைக்கும் வருகுது. வேணுமெண்டாச் சொல்லுங்கோ."

முதலாவது பாடசாலை அழைப்பிதழ். இரண்டாவது சென்னை எஃப்எம். மூன்றாவது எங்கள் கடை மாதிரி இருக்கிறது, ஆனால் விலையும் இல்லை, எப்போது வரைக்கும் ஓடர் எடுப்போம் என்பதும் இல்லை. இதைச் சரிசெய்ய நாங்கள் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பெரிய நிறுவனங்கள் இதற்கு நாற்பது பக்கக் கையேடு வைத்திருக்கும். நாலு பேர் வேலை செய்யும் கடைக்கு ஒரு பக்கம் போதும்.

முதலில்: பழைய பதிவுகளைப் பெயர் இல்லாமல் வாசியுங்கள்

கடந்த ஒரு வருடத்தின் பண்டிகைப் பதிவுகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து, எழுத்தை மட்டும் ஒரு கூகுள் டொக்கில் ஒட்டுங்கள். படம், கடைப் பெயர், போன் இலக்கம் எதுவும் வேண்டாம். எழுதும் எல்லோரும் கூடியிருந்து ஒவ்வொன்றையும் சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே கேள்விதான்: வாடிக்கையாளர் கடைக்குள் வந்தால் நாங்கள் இப்படித்தான் கதைப்போமா?

நாங்கள் வாசித்தபோது அக்காவே தன் பதிவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவர் கவுண்டரில் இருந்து ஒருநாளும் "பெருமகிழ்ச்சி அடைகின்றோம்" என்று சொன்னதில்லை. இந்த வேலைக்கு அரை மணித்தியாலம்கூட ஆகாது, ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு நேரே விதி எழுதப் போனால், முதலாளிக்குப் பிடித்த நடை விதியாகிவிடும், மற்றவர்கள் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது: வினைமுடிவை முடிவுசெய்யுங்கள்

தமிழில் ஒரு கடையின் குரல் பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. "வருகை தாருங்கள்", "வாருங்கள்", "வாங்க", "வாங்கோ" நான்கும் ஒரே அழைப்பு. கூப்பிடுகிற ஆள் மட்டும் வேறு. "வாங்க" என்றால் எங்கள் ஆட்களுக்கு இந்தியத் தொலைக்காட்சி நினைவு வரும். "வாங்கோ" என்றால் வீட்டு வாசல்.

அப்படியானால் முழுப் பதிவையும் பேச்சுத் தமிழில் எழுதலாமே என்று தம்பி கேட்டான். எழுதிப் பார்த்தோம், சரிவரவில்லை. பேச்சுத் தமிழுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் இல்லை. ஒருவர் "எண்டு" என்பார், இன்னொருவர் "என்டு" என்பார். "இருக்கு", "இருக்குது", "கிடக்கு" என்று ஆளுக்கொரு விதம். ஒரே குரலுக்காகத் தொடங்கியது மூன்று எழுத்துக்கூட்டலில் போய் நின்றது.

ஆகவே நாங்கள் வைத்த விதி இது: வாழ்த்தும் தகவலும் எளிய எழுத்துத் தமிழில். கடைசியில் ஒரேயொரு வரி பேச்சுத் தமிழில் வரலாம், அந்த வரி எழுதுபவரின் சொந்தம். அழைப்புச் சொல் எப்போதும் "வாங்கோ". கொமென்ட், இன்பொக்ஸ் பதில்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே வாடிக்கையாளர் எப்படிக் கதைக்கிறாரோ அப்படியே கதைக்கலாம்.

இதோடு சேர்த்து "நாங்கள்", "நாம்", "எமது நிறுவனம்" மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். எங்கள் தெரிவு "நாங்கள்". "நாம்" என்றால் வாசிப்பவரும் சேர்ந்துவிடுவார். "நாம் கொண்டாடும் பொங்கல்" என்பது சரி, ஆனால் அதே பழக்கத்தில் நோன்புப் பெருநாள் பதிவில் "நாம்" என்று எழுதினால், நோன்பு பிடிக்காத கடை தானும் பிடித்தது போல் நடிக்கிறது. "நாங்கள்" என்றால் கடை மட்டும்தான், எந்தப் பண்டிகைக்கும் பொருந்தும்.

பிறகு: சொற்பட்டியல்

இதுதான் அதிகம் பயன்படும் பகுதி. இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வாழ்த்துப் படங்களும் வாசகங்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரருக்காகச் செய்தவை. அதில் பிழையில்லை, ஆனால் அப்படியே எடுத்து ஒட்டினால் சொல்லும் சேர்ந்து வந்துவிடும். எங்கள் பட்டியலில் இடப்பக்கம் எழுதும் சொல், வலப்பக்கம் எழுதாத சொல்:

ரூபா – ரூபாய் (இந்திய ₹ குறியும் வேண்டாம்)
விலைக்கழிவு – தள்ளுபடி, ஆஃபர்
ஓடர் – கட்டளை
பெட்டி – பாக்ஸ், பொதி
நல்வாழ்த்துகள் – நல்வாழ்த்துக்கள்
பூசை – பூஜை
கார்த்திகை விளக்கீடு – கார்த்திகை தீபம்
சரஸ்வதி பூசை – ஆயுத பூஜை
நத்தார் – கிறிஸ்மஸ்
நோன்புப் பெருநாள் – ரமலான்

"வாழ்த்துகள்", "வாழ்த்துக்கள்" இரண்டையும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இலக்கணச் சண்டை பிடிக்க எங்களுக்கு நேரமில்லை. ஒன்றை எடுத்தோம், முடிந்தது. ஆனால் கடைசி இரண்டும் அப்படியல்ல. "நத்தார்" இங்குள்ள பத்திரிகைகளில் பழகிய சொல். ரமழான் நோன்பு மாதத்தின் பெயர், பண்டிகை அது முடிந்து வருவது. "ரமலான் வாழ்த்து" என்று பெருநாள் அன்று போட்டால், ஐந்து சந்திப் பக்கத்து முஸ்லிம் வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் கடைக்கு விசயம் தெரியாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு பண்டிகையின் பெயரை அந்தப் பண்டிகையைக் கொண்டாடுபவரிடமே கேட்டுப் பட்டியலில் எழுதுங்கள்.

பட்டியலை இருபது சொல்லுக்கு மேல் வளரவிடாதீர்கள். வளர்ந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

பதிவின் உடம்பு

எங்கள் பண்டிகைப் பதிவுக்கு மூன்று துண்டுதான்: ஒரு வரி வாழ்த்து, இரண்டு மூன்று வரித் தகவல், ஒரு சொந்த வரியும் அழைப்பும். பேஸ்புக்கில் நீளமான பதிவின் பின்பகுதி மறைந்துவிடும், அழுத்தினால்தான் தெரியும். அதனால் விலையும் கடைசி நாளும் மேலே வரவேண்டும். ஆச்சரியக்குறி ஒரு பதிவுக்கு அதிகபட்சம் ஒன்று. (தம்பி இதற்காக இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.)

இப்போது அந்த மூன்று தீபாவளிப் பதிவுகளையும் ஒன்றாக்கிப் பார்ப்போம். அக்காவின் பதிவில் எடுக்கவேண்டியது வாழ்த்தை முதலில் சொல்லும் மரியாதை. தம்பியின் பதிவில் விலை. தங்கச்சியின் பதிவில் பயறு வறுக்கும் மணம். மூன்று பேரும் மறந்தது கடைசி நாள்.

"தீபாவளி நல்வாழ்த்துகள்.
பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு மூன்றும் சேர்ந்த ஒரு கிலோப் பெட்டி 2,500 ரூபா. நாங்கள் திங்கட்கிழமை இரவு 8 மணி வரை ஓடர் எடுப்போம்.
பயறு வறுக்கிற மணம் சந்தி வரைக்கும் வருகுது. வாங்கோ."

"அனைத்து இந்துப் பெருமக்களுக்கும்" போய்விட்டது. பலகாரம் வாங்க வருபவரிடம் நாங்கள் சமயம் கேட்பதில்லை.

போடுவதற்கு முன் ஒருவர் பார்க்கவேண்டும்

எழுதியவர் தானே போடக்கூடாது. எங்களிடம் வட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. முதல் நாள் மாலைக்குள் எழுதியதை அங்கே போடவேண்டும், அந்தக் கிழமைக்குப் பொறுப்பானவர் பார்த்துச் சரி சொன்னால்தான் பக்கத்துக்குப் போகும். பார்ப்பவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: பட்டியலில் இல்லாத எதையும் தன் விருப்பத்துக்குத் திருத்தக்கூடாது. திருத்தவேண்டும் என்று பட்டால் அடுத்த கூட்டத்தில் பட்டியலில் சேர்க்கட்டும். இதை வைக்காவிட்டால் எல்லாப் பதிவும் பார்ப்பவரின் குரலாகிவிடும். அப்படி ஆகிவிட்டதா என்று அறிய சொந்த வரிகளைப் பாருங்கள். அவையும் ஒரே மாதிரி இருந்தால் ஆகிவிட்டது.

சொல் மட்டும் பார்த்துவிட்டு நேரத்தைக் கோட்டைவிடுவதும் நடக்கும். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணித பஞ்சாங்கத்தில் இன்னொன்று. ஒரு வருடம் அக்கா ஒன்றைப் பார்த்து மருத்துநீர் வைக்கும் நேரத்தைப் போட, நான் மற்றதைப் பார்த்துக் கைவிசேட நேரத்தைப் போட்டேன். கொமென்டில் இரண்டு தரப்பும் மோதிக்கொண்டன. இப்போது நேரம் போட்டால் இரண்டு பஞ்சாங்கத்தின் பெயரையும் எழுதி இரண்டு நேரத்தையும் போடுகிறோம். இல்லாவிட்டால் நேரமே போடுவதில்லை.

நல்லூர் நாட்களுக்குத் தனி வரி

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் 25 நாள் திருவிழா என்பதால் நாளுக்கொரு பதிவு போடும் ஆசை வரும். போட்டோம், பத்தாம் நாளுக்குப் பிறகு எல்லோருக்கும் சொல் வற்றி, பழைய "அருள்பாலிக்கும் அலங்காரக் கந்தன்" வாசகங்கள் வரத் தொடங்கின. இப்போது கொடியேற்றம், சப்பறம், தேர், தீர்த்தம் நான்கு மட்டும். தேர் அன்றும் தீர்த்தம் அன்றும் விலையோ விலைக்கழிவோ பதிவில் வராது. கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மட்டும் வரும். அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை, ஆகவே முட்டை சேர்த்த கேக் படங்களும் அந்த 25 நாளும் ஒதுங்கியிருக்கும். இதைக் குறிப்பில் எழுதி வைக்காவிட்டால் புதிதாக வேலைக்கு வருபவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று: முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த பதிவுகள். கார்த்திகை மாதம் மழைக்காலம். வெள்ளம் வந்து ஆட்கள் பாடசாலைகளில் தங்கியிருக்கும்போது "விளக்கேற்றிக் கொண்டாடுங்கள்" என்று பதிவு தானாக வெளியே போகக்கூடாது. அதை நிறுத்தும் பொறுப்பு யாருடையது என்று குறிப்பில் ஓர் ஆளைக் குறியுங்கள்.

குறிப்பு முழுவதும் ஒரு ஏ4 தாள்தான். அதைக் காசு மேசைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம், வட்ஸ்அப் குழுவிலும் பின் செய்திருக்கிறோம். போன பொங்கலுக்குத் தம்பி எங்கிருந்தோ எடுத்து "போகிப் பண்டிகை வாழ்த்துகள்" என்று குழுவில் போட்டான். தங்கச்சி திரும்பக் கேட்டாள்: "இஞ்ச ஆர் அண்ணா போகி கொண்டாடுறது?" அன்றைக்கே பேனையை எடுத்துத் தாளில் வலப்பக்கம் "போகி" என்று எழுதிவிட்டாள். இடப்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.