குழப்படிக்காரப் பொடியனும் லேபிளிங் தியரியும்: எஸேயில விடுற பிழையள்

வந்தாறுமூலை கம்பஸ்ல சமூகவியல் படிக்கிற தங்கச்சிமார் தம்பிமார்ர எஸே டிராப்ட் வாசிக்கக்குள்ள முக்காவாசியில ஒரே வசனம்தான் கிடக்கும்: "ஆசிரியர் மாணவனைக் குழப்படிக்காரன் என்று முத்திரை குத்தியதால் அவன் குழப்படிக்காரன் ஆனான்." இந்த ஒரு வசனத்துக்குள்ளயே மூண்டு பிழை இருக்கு, அதைத்தான் சொல்லப் போறன்.

வாவிக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், தரம் 9. ஒரு பொடியன் விடியச்சாமம் தகப்பனோட வலை எடுக்கப் போயிட்டு வாறதால கிழமையில ரெண்டு மூண்டு நாள் பிந்தி வருவான், வந்து மேசையில தலையை வச்சுப் படுத்திருவான். அதே வகுப்பில இன்னொரு பொடியனும் பிந்தித்தான் வாறவன், அவன்ட அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில டீச்சர். அவனைப் பார்த்து "ராவு கனநேரம் படிச்சிருப்பான் போல" எண்டு சொல்ற அதே வாய் இவனைப் பார்த்து "குழப்படிக்காரன், படிக்க விருப்பமில்லாதவன்" எண்டும். லேபிளிங் தியரியில, அதாவது முத்திரை குத்தல் கோட்பாட்டில, சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963ல சொன்னது இதைத்தான். பிறழ்வு, அதாவது வழமையை மீறின நடத்தை எண்டுறது, செயலுக்குள்ள இருக்கிற குணமில்ல, மற்றவங்க அந்தச் செயலுக்கு எப்பிடி எதிர்வினை காட்டுறாங்க எண்டதில வாறது. அதனால உங்கட எஸேயில "குழப்படி மாணவர்கள்" எண்டு முதல் வரியிலயே நீங்களே பேர் வச்சிட்டுத் தொடங்கினா முதல் பிழை அதுதான், ஏனெண்டா யார் பேர் வச்சது, யாருக்கு வைக்கல்ல எண்டதுதான் கேள்வியே.

ரெண்டாவது பிழைதான் ஆகப் பெரிசு, அதாவது முத்திரைக்கு முன்னால ஒண்டுமே நடக்கல்ல எண்ட மாதிரி எழுதுறது. எட்வின் லெமர்ட் இதை ரெண்டாப் பிரிச்சார். முதல்நிலைப் பிறழ்வு எண்டா பொடியன் முதல் முதல் பிந்தி வந்தது, படுத்தது. அதுக்குக் காரணம் வலை, வறுமை, நித்திரை இல்லாதது, அதில முத்திரைக்கு வேலையே இல்ல. இரண்டாம் நிலைப் பிறழ்வு எண்டா தனக்கு வச்ச பேரைச் சுத்தியே அவன் தன்னைப் பார்க்கத் தொடங்கிறது. இவன்ட விசயத்தில அது எப்ப வந்தது தெரியுமா? கடைசி வாங்குக்கு மாத்தினாங்க, பிறகு ஆரோ ஜன்னல் கண்ணாடியை உடைச்சதுக்கு அண்டைக்கு வகுப்பிலயே இல்லாத இவனைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. அதுக்குப் பிறகுதான் அவன் சொன்னான், "எப்பிடியும் அடி எனக்குத்தான், அப்ப செஞ்சிட்டே வாங்குறன்." அந்தப் பேச்சு வந்த இடத்திலதான் நீங்க 'இரண்டாம் நிலை' எண்டு எழுதலாம், அதுக்கு முன்னால எழுதாதீங்க. முதல் பிந்தலை விளக்க லேபிளிங் தியரியை இழுத்தா அது தாங்காது, இந்தக் கோட்பாட்டுக்கு மற்றவங்க வைக்கிற முக்கியமான விமர்சனமும் அதுதான், அந்த இடத்துக்கு வறுமை, வர்க்கம் பத்திப் பேசுற வேற கோட்பாட்டைக் கொண்டு வாங்க.

இடையில இன்னொண்டு, பேர் ஒரே நாளில ஒட்டுறதில்ல. ஹார்கிரீவ்ஸும் கூட்டாளிமாரும் 1975ல மூண்டு கட்டமாக் காட்டினாங்க: டீச்சர் முதல்ல ஊகிக்கிறார், பிறகு அந்த ஊகம் சரியா எண்டு பார்த்துக்கொண்டே விரிக்கிறார், கடைசியா 'இவனை எனக்குத் தெரியும்' எண்ட இடத்தில அது நிலைச்சுப் போகுது. ரெண்டாங் கட்டத்தில ஊகம் பிழை எண்டு விளங்கி மாறவும் ஏலும். எங்கட பொடியனுக்கு நிலைச்சது ஸ்டாப் றூமில, அடுத்த வருச வகுப்பாசிரியர் அவன்ட முகத்தைப் பார்க்க முதலே அவன்ட கதையைக் கேட்டுட்டார். எஸேயில இந்த நடைமுறையைக் காட்டாம "முத்திரை, உடனே விளைவு" எண்டு தாவினா வாசிக்கிற லெக்சரருக்கு உடனே தெரிஞ்சிரும்.

ரோசன்தால், ஜேக்கப்சன் 1968 ஆய்வை இங்க சான்றாப் போடுறதும் அடிக்கடி பார்க்கிறன். அதில டீச்சர்மாருக்குச் சொன்னது இன்ன இன்ன புள்ளையள் இந்த வருசம் நல்லா முன்னேறும் எண்டுதான், குழப்படியைப் பத்தி அதில ஒண்டும் இல்ல. டீச்சர்மார்ர எதிர்பார்ப்பைப் பத்தி எழுதக்குள்ள மட்டும் எடுங்க, பிறழ்வுக்கு எடுக்காதீங்க.

மூண்டாவது பிழை, முத்திரை குத்தினா எல்லாப் புள்ளையும் அப்பிடியே ஆகும் எண்டு எழுதுறது. மேரி ஃபுல்லர் லண்டன்ல படிச்ச கறுப்பினப் பொம்புளப் புள்ளையள் கொஞ்சப் பேரை ஆய்வு செஞ்சவ, பள்ளிக்கூடம் தங்களைக் குறைவா நினைக்குது எண்டு அந்தப் புள்ளையளுக்கு வடிவாத் தெரியும், ஆனா டீச்சர்மாருக்கு நல்ல புள்ள வேசம் போடாமலே படிச்சுப் பாஸ் பண்ணிக் காட்டினாங்க. எங்கட பொடியன்ட அக்காவும் அதே பள்ளிக்கூடந்தான், அவளையும் "அந்தக் குடும்பத்துப் புள்ள" எண்டுதான் சொன்னாங்க, அவள் ஓ எல்லில ஒன்பது பாடமும் பாஸ். அக்காவும் தம்பியும் ஒரே வீடு, ஒரே பேர், அப்ப அவளுக்கு ஏன் அது ஒட்டல்ல எண்டு ஒரு பந்தி எழுதிப் பாருங்க.