வெவ்வேறு அதிர்வெண்: மின்தடையில் சராசரி திறன் காண்பது எப்படி?

8 ஓம் மின்தடை, 60 மில்லிஹென்றி மின்தூண்டி, இரண்டு மின்னழுத்த மூலங்கள். எல்லாமே ஒரே தொடர்ச்சுற்றில் இருக்கின்றன. மூலங்கள் இவை:

```
v1 = 20 cos(100t) V
v2 = 17 cos(250t) V
```

மின்தடையில் செலவாகும் சராசரி திறன் எவ்வளவு என்று பார்ப்போம்.

முதலில் v1 மட்டும் இயங்குவதாக வைத்துக்கொண்டு, v2 இருந்த இடத்தைக் குறுக்கிணைப்புச் செய்துவிடுங்கள். மின்தூண்டியின் மின்மறுப்பு ωL = 100 × 0.06 = 6 ஓம். மொத்த மின்எதிர்ப்பு √(8² + 6²) = 10 ஓம். ஆகவே மின்னோட்டத்தின் பெரும மதிப்பு 20/10 = 2 ஆம்பியர். திறன் ½ × 2² × 8 = 16 வாட்.

அடுத்து v2 மட்டும். இங்கே மின்மறுப்பை மறுபடி கணக்கிட வேண்டும். அதிர்வெண் மாறிவிட்டதால் பழைய 6 ஓம் செல்லாது. 250 × 0.06 = 15 ஓம்; மின்எதிர்ப்பு √(8² + 15²) = 17 ஓம். மின்னோட்டம் 1 ஆம்பியர், திறன் ½ × 1² × 8 = 4 வாட்.

சரி, இப்போது இரண்டையும் கூட்டினால் 20 வாட். விடை அதுதான்.

ஆனால் திறனைக் கூட்டக் கூடாது, மேற்பொருத்துதல் தேற்றம் மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் மட்டுமே பொருந்தும் என்று வகுப்பில் சொல்வார்களே? அது உண்மைதான். இங்கே மட்டும் ஏன் கூட்டலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர்நாடி. மின்தடையில் எந்தக் கணத்திலும் திறன் இப்படி இருக்கும்:

```
p = R(i1 + i2)² = R·i1² + R·i2² + 2R·i1·i2
```

கடைசி உறுப்பைக் கவனியுங்கள். இரண்டு கொசைன்களைப் பெருக்கினால், அதிர்வெண்களின் வித்தியாசத்தில் ஒன்றும் கூட்டலில் ஒன்றுமாக இரண்டு கொசைன்கள் வரும். நம் கணக்கில் அவை 150, 350 ரேடியன்/நொடி. இரண்டுமே மேலும் கீழும் சமமாக அலைவதால் சராசரி பூஜ்ஜியம். அந்த உறுப்பு கணநேரத் திறனை ஏற்றி இறக்குமே தவிர, சராசரியைத் தொடாது.

அதிர்வெண்கள் ஒன்றாக இருந்தால் கதை வேறு. 2 ஆம்பியரும் 1 ஆம்பியரும் ஒரே அதிர்வெண்ணில் வந்தால் கடைசி உறுப்பின் சராசரி 16 cos φ வாட். இதில் φ என்பது இரண்டு மின்னோட்டங்களுக்கும் இடையிலுள்ள கட்ட வேறுபாடு. மொத்தத் திறன் 4 முதல் 36 வாட் வரை எங்கும் இருக்கலாம். அப்போது மின்னோட்டங்களைக் கட்டத்தோடு கூட்டிவிட்டு, அப்புறம்தான் திறன் காண வேண்டும். நம் கணக்கைப் போல அதிர்வெண்கள் வேறாக இருக்கும்போதும் 3 ஆம்பியர் என்று உச்சங்களைக் கூட்டி 36 வாட் எழுதுவதுதான் தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை.

ஆய்வகத்தில் சரிபார்க்க ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் வேண்டும். அது √(2 + 0.5), அதாவது சுமார் 1.58 ஆம்பியர் காட்டும்; அதன் வர்க்கத்தை 8-ஆல் பெருக்கினால் 20 வாட். தூய சைன் அலைக்கென்று அளவீடு செய்த சாதாரண மீட்டர், இந்தக் கலப்பு அலையில் தவறான எண்ணைக் காட்டக்கூடும். இன்னொன்று: அதிர்வெண்கள் மிக நெருக்கமாக, 50 ஹெர்ட்ஸ், 50.1 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், கடைசி உறுப்பு ஒரு சுற்று முடிக்க 10 நொடி ஆகும். அதற்குள் எடுத்த சராசரியை நம்ப முடியாது. மீட்டரின் எண் ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.