பட்டன் கைபேசியில் அழைப்பு வழியாக உள்நுழைவுக் குறியீடு பெறுவது எப்படி?

கூகுள் கணக்கில் கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு கேட்கப்படும் ஆறு இலக்கக் குறியீட்டைப் பெற ஸ்மார்ட்போன் இருந்தே ஆக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. அழைப்பை எடுத்துப் பேச முடிகிற எந்தப் பட்டன் கைபேசியிலும், ஏன், வீட்டுத் தரைவழித் தொலைபேசியிலும் அந்தக் குறியீட்டைப் பெறலாம். கூகுளின் தானியங்கிக் குரல் நம்மை அழைத்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டும். நாம் செய்ய வேண்டியது பச்சைப் பொத்தானை அழுத்திக் கேட்பது மட்டுமே.

பட்டன் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் வருமே, பிறகு அழைப்பு எதற்கு என்ற கேள்வி எழலாம். குறுஞ்செய்தி சரியாக வந்து, அதைத் திறந்து படிக்கவும் முடிந்தால் அதுவே போதும். ஆனால் விளம்பரச் செய்திகளால் இன்பாக்ஸ் நிறைந்துபோன கைபேசியில் புதிய செய்தி உள்ளே நுழையாது. எழுத்துகள் சிறிதாகத் தெரியும் திரையில் வயதானவர்களால் படிக்க முடியாது. மெனுவுக்குள் சென்று செய்தியைத் திறக்கப் பழகாதவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் அழைப்பு எளிது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கைபேசி அணைந்திருந்தாலும் சிக்னல் இல்லாமல் இருந்தாலும் குறுஞ்செய்தி தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் காத்திருந்து பிறகு வந்து சேரும், அழைப்பு காத்திருக்காது. அந்த நொடியில் கைபேசி கிடைக்கவில்லையென்றால் அழைப்பு போனதுதான். ஆகவே கணினியில் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கைபேசியைத் தயார் செய்துவிட வேண்டும் என்பதே இந்த முறையின் அடிப்படை. சேர்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. வீட்டு வாசலில் நன்றாக வரும் சிக்னல் சமையலறைக்குள் போனால் காணாமல் போவதை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள்.

முதல் படி: கைபேசியைத் தயார் செய்தல்

முதலில் வேறொரு எண்ணிலிருந்து உங்கள் கைபேசிக்கு அழைத்துப் பாருங்கள். ரீசார்ஜ் காலம் முடிந்து சில நாட்கள் ஆகிவிட்டால் உள்வரும் அழைப்புகளும் நின்றுவிடும். திரையில் சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தாலும் மணி அடிக்காது. இணையம் தேவையில்லாதவர்கள் டேட்டா சேர்ந்த திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்திருக்கிறது. கடையில் ரீசார்ஜ் செய்யும்போது "டேட்டா வேண்டாம், பேசுவதற்கு மட்டும்" என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதைப் பலரும் செய்வதில்லை, ஆனால் அழைப்பில் குறியீடு பெறுபவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. பின்வருவதைக் கைபேசியில் தட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்.

```
*#21#
```

அழைப்பு திருப்பிவிடப்படவில்லை என்று திரையில் வந்தால் நல்லது. நீங்கள் அறியாத எண் ஒன்று தெரிந்தால், உங்களுக்கு வர வேண்டிய குறியீட்டு அழைப்பு அந்த எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனை எல்லா அழைப்புகளையும் திருப்பிவிடும் அமைப்பை மட்டுமே காட்டும்; "லைன் பிஸியாக இருந்தால் மட்டும் திருப்பு" என்ற அமைப்பு இதில் தெரியாது. ஆகவே சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே முறையில் நீக்கும் கட்டளையைத் தட்டிவிடுவது பாதுகாப்பானது.

```
##002#
```

இதற்குப் பிழைச் செய்தி வந்தால் உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் புகார் எண்ணான 198-க்கு அழைத்து, திருப்பிவிடுதலை நீக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கணக்கில் எண்ணைச் சேர்த்தல்

இதை ஒருமுறை கணினியில் செய்ய வேண்டும். நம்பிக்கையான பிரவுசிங் சென்டரிலோ நூலகத்திலோ, கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. கணக்கில் நுழைந்து myaccount.google.com என்ற முகவரிக்குச் சென்று, பாதுகாப்புப் பகுதியில் 2-Step Verification என்பதைத் திறங்கள். அங்கே தொலைபேசி எண்ணைச் சேர்க்கும் இடம் இருக்கும். நாட்டை இந்தியா என்று தேர்ந்து, முன்னால் பூஜ்யம் போடாமல் பத்து இலக்க எண்ணைத் தட்டுங்கள். குறியீடு எப்படி வர வேண்டும் என்று கேட்கும்போது குறுஞ்செய்தியை விட்டுவிட்டு அழைப்பைத் தேர்ந்தெடுங்கள். உடனே கைபேசி ஒலிக்கும். அறிமுகமில்லாத எண்ணாகத்தான் இருக்கும். எடுத்துக் கேட்டு, எண்களைத் திரையில் தட்டுங்கள்.

அதே பக்கத்தில் Backup codes என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தால் எட்டு இலக்கங்கள் கொண்ட பத்துக் குறியீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அச்சிட்டோ கையால் எழுதியோ வீட்டில் பத்திரமாக வையுங்கள். கடவுச்சொல்லை அதே தாளில் எழுதாதீர்கள். பட்டன் கைபேசி மட்டுமே வைத்திருப்பவருக்கு இந்தத் தாள் கட்டாயம் தேவை என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் கைபேசி தண்ணீரில் விழுந்தாலோ, கூகுள் சில நேரங்களில் அழைப்பு வழியைக் காட்டாமல் போனாலோ உள்ளே செல்ல வேறு வழி இருக்காது.

மூன்றாம் படி: உள்நுழையும்போது

கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு திரை வேறு ஏதாவது வழியைக் கேட்டால், Try another way என்பதை அழுத்துங்கள். உங்கள் எண்ணின் கடைசி இலக்கங்களுடன் குறியீடு பெறும் வழிகள் தெரியும். அவற்றில் அழைப்பைத் தேர்ந்தெடுங்கள். குரல் குறியீட்டை ஒருமுறை சொல்லி, மீண்டும் ஒருமுறை சொல்லிவிட்டு வைத்துவிடும். முதல் முறை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை சரிபாருங்கள். ஆங்கிலக் குரலில் ஃபைவும் நயனும் ஒன்றுபோலக் கேட்பதால் தவறுகள் அங்கே எளிதில் நேரலாம்.

கைபேசி ஓர் ஊரிலும் கணினி ஓர் ஊரிலும் இருந்தால்

இதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நேர்கிற சிக்கல். எடுத்துக்காட்டாக, ஏற்காட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கும் அப்பாவிடம் ஒரு பட்டன் கைபேசி இருக்கிறது என்றும், சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் கல்லூரி நூலகக் கணினியில் தன் கணக்கைத் திறக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்கில் இருப்பது அப்பாவின் எண்.

மகள் தோழியின் கைபேசியிலிருந்து அப்பாவை அழைக்கிறாள். "சொல்லு கண்ணு" என்று அவர் எடுத்ததும், பேச்சைத் தொடர்ந்தபடியே கணினியில் அழைப்புக்கான பொத்தானை அழுத்தினால் காரியம் கெட்டுவிடும். அப்பாவின் லைன் பிஸியாக இருப்பதால் கூகுளின் அழைப்பு உள்ளே போகாது. கால் வெயிட்டிங் இருந்தாலும், நடுவில் வரும் பீப் ஒலியைக் கேட்டு அழைப்பை மாற்றி எடுக்க அவருக்குத் தெரிந்திருக்காது. சரியான வழி வேறு. "அப்பா, போனை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வாங்க, காகிதமும் பேனாவும் வெச்சுக்குங்க. நான் இப்ப வெச்சர்றேன். ஒரு இங்கிலீஷ் குரல் நம்பர் சொல்லும், எழுதி வையுங்க, நானே திரும்பக் கூப்பிடறேன்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் அவள் பொத்தானை அழுத்த வேண்டும்.

அப்பா காலண்டர் தாளின் பின்புறம் 4 8 2 5 5 7 என்று எழுதுகிறார். குரல் இரண்டாம் முறை சொல்லும்போது நான்காவது எண் நயன் என்று தெளிவாகக் கேட்கிறது. அடித்துவிட்டு 4 8 2 9 5 7 என்று திருத்துகிறார். மகள் திரும்ப அழைத்ததும் அவர் எண்களைத் தமிழில், ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒரே எண் அடுத்தடுத்து வந்தாலும் "டபுள்" என்று சேர்த்துச் சொல்லாமல் இரண்டு முறை சொல்வது நல்லது. குறியீடு சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும் என்பதால் நலம் விசாரிப்பதை உள்ளே சென்ற பிறகு வைத்துக்கொள்ளலாம். நூலகக் கணினி பலருக்குப் பொதுவானது. இந்தக் கணினியில் இனிக் கேட்க வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் போடாமல், வேலை முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும்.

அழைப்பு வராவிட்டால்

பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதுதான் நாம் இயல்பாகச் செய்வது. அதைத்தான் செய்யக் கூடாது. பலமுறை கேட்டால் கூகுள் சிறிது காலத்துக்கு அந்த வழியையே நிறுத்திவிடும். ஒருமுறை வரவில்லையென்றால் கைபேசியின் மிஸ்டு கால் பட்டியலைப் பாருங்கள். அதில் புதிய எண் இருந்தால் அழைப்பு வந்திருக்கிறது, நீங்கள்தான் எடுக்கவில்லை. பட்டியலில் எதுவும் இல்லையென்றால் சிக்னல், ரீசார்ஜ், திருப்பிவிடுதல் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். தெரியாத எண்களைத் தடுக்கும் வசதி சில பட்டன் கைபேசிகளிலும் உண்டு. அது இயங்குகிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் எழுதி வைத்த எட்டு இலக்கக் குறியீடுகளில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

இந்த முறை கூகுளுக்குச் சொன்னது. வேறு சேவைகளில் அழைப்பு வசதி இருக்குமா என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்கிறது. சில வங்கிப் பக்கங்களில் குறுஞ்செய்திக்கான நேரம் முடிந்த பிறகே அழைப்பில் பெறும் தெரிவு தோன்றும். பலவற்றில் அது இல்லவே இல்லை.

குறியீட்டைப் பறிப்பவர்கள்

நீங்கள் கேட்காமலே குறியீட்டு அழைப்பு வந்தால், உங்கள் கடவுச்சொல் யாரிடமோ இருக்கிறது என்று கொண்டு அதை அன்றே மாற்றுங்கள். அதைத் தொடர்ந்து ஒருவர் அழைத்து எண்ணைக் கேட்டால், அவர் எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும் சொல்லாதீர்கள். மேலே சொன்ன அப்பாவும் மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவள் குரலிலேயே கேட்டால் மட்டும்தான் சொல்ல வேண்டும்.

எண்ணையே கேட்காமல் ஏமாற்றுகிறவர்களும் உண்டு. "உங்கள் சிம் நிற்கப் போகிறது, `*401*` தட்டி இந்தப் பத்து எண்களைத் தட்டுங்கள்" என்பார்கள். தட்டியதும் உங்கள் அழைப்புகள் அவர்களுடைய கைபேசிக்குத் திரும்பிவிடும். கூகுளின் குரல் அவர்களிடம் குறியீட்டைப் படித்துக் காட்டும். இந்த மோசடியின் காரணமாகவே, இப்படிக் கட்டளை தட்டித் திருப்பிவிடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இருந்தாலும் முதல் படியில் சொன்ன சோதனையை அவ்வப்போது செய்து பாருங்கள். பணமோ கணக்கோ பறிபோனது தெரிந்தால் உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

சிம்மைக் கைவிடுவதாக இருந்தால், அதற்கு முன்பே கணக்கிலிருந்து அந்த எண்ணை நீக்கிப் புதிய எண்ணைச் சேர்த்துவிடுங்கள். பயன்பாட்டில் இல்லாத எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்கு வழங்கப்படும். அப்போது உங்கள் குறியீட்டை அந்தக் குரல் அவருக்குத்தான் சொல்லும்.