சப்டைட்டில் முந்திக்கொண்டு ரகசியத்தை உடைக்கக் கூடாது

குறும்படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் போட்டுவிட்டு, அதே நேரக்குறிகளில் ஆங்கிலத்தை அப்படியே நிரப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தமிழ் வாக்கியம் முக்கியமானதைக் கடைசியில் வைக்கும். ஆங்கிலம் பெரும்பாலும் முதலிலேயே சொல்லிவிடும்.

ஒரு காட்சியில் நாயகி, "அந்தக் கடிதத்தை எழுதினது..." என்று நிறுத்தி, ஒன்றரை விநாடி கழித்து "நான்தான்" என்கிறாள் என்று வையுங்கள். ஆங்கிலக் கோப்பில் பலர் இப்படிப் போடுகிறார்கள்:

```
00:03:10,000 --> 00:03:14,800
I was the one who wrote that letter.
```

அவள் தயங்கும்போதே பார்வையாளருக்கு விடை தெரிந்துவிடுகிறது. நடிகை தேக்கிவைத்த மௌனம் வீண். இரண்டாகப் பிரித்து, மௌனத்தில் திரையைக் காலியாக விடுங்கள்:

```
00:03:10,000 --> 00:03:12,000
The one who wrote that letter...

00:03:13,600 --> 00:03:14,800
was me.
```

முதல் வரியில் இடைவெளியும் புள்ளிகளும் சேர்த்து 32 எழுத்துகள், நேரம் 2 விநாடி; விநாடிக்கு 16 ஆகிறது. ஆங்கிலத்தில் 17 வரை நிம்மதியாகப் படிக்கலாம். எவ்வளவு சின்ன வசனமானாலும் ஒரு விநாடியாவது திரையில் நிற்கட்டும்.

இந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். 'கொடுத்தேன்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால், அவற்றை எண்ணும் மென்பொருளுக்கு அது பத்து. உடனே வரி சிவப்பாகும். பயந்துபோய் நல்ல வசனத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டுவதற்கு முன், படத்தை ஓடவிட்டு வரியை மனதுக்குள் வாசித்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய வசனம் உங்களுக்கு மனப்பாடம், அதனால் படத்தை இதுவரை பார்க்காத ஒருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். அகலத்தையும் எண்ணிக்கையை நம்பி விடக் கூடாது. தமிழ் எழுத்துகள் அதிக இடம் பிடிக்கும், வரி ஓரம் தட்டுகிறதா என்பது திரையில்தான் தெரியும்.

வரி உடைப்பில் நடக்கும் தவறு இன்னும் சாதாரணமானது. இடம் தீர்ந்த இடத்தில் மென்பொருள் உடைத்துவிடும், யாரும் திருத்துவதில்லை.

```
நீ வந்தபோது நான் தூங்கிக்
கொண்டிருந்தேன்.
```

'தூங்கிக்' என்பதோடு கண் அந்தரத்தில் நிற்கிறது. 'வந்தபோது' என்பதற்குப் பின் உடைத்தால் இரண்டு வரியும் தனித்தனியே பொருள் தரும். வேற்றுமை உருபு ஏற்ற சொல், '-ஆல்', 'என்று', 'போது' ஆகியவற்றுக்குப் பின் தமிழ் இயல்பாக மூச்சு விடும். 'பற்றி', 'இல்லை' போன்றவற்றை மட்டும் முந்தைய சொல்லிலிருந்து பிரிக்காதீர்கள். ஆங்கிலத்தில் the, of போன்ற சொற்களில் வரி முடியக் கூடாது.

ஷாட் மாறியபின் நாலைந்து ஃபிரேம் மட்டும் சப்டைட்டில் தங்கினால் கண் அதை மினுக்கலாக உணரும், சிலர் புதிய வரி என்று நினைத்து மறுபடி படிக்கத் தொடங்குவார்கள். ஷாட் மாறும் கட்டுக்கு இரண்டு ஃபிரேம் முன்பே முடித்துவிடுங்கள். வசனமே கட்டைத் தாண்டி நீண்டால், அடுத்த ஷாட்டில் ஒரு விநாடியாவது நிற்கட்டும்.